ஒன்றா, இரண்டா, மூன்றா? மூட் போர்டுடன் வீட்டார் முன் உட்காரும்போது

அளவெடுத்தாயிற்று. வீட்டாரின் தேவைகளைக் கேட்டுக் குறித்தாயிற்று. அடுத்த சந்திப்பில் அவர்கள் முன் எத்தனை கான்செப்ட் வைப்பது? இன்டீரியர் டிசைனர்கள் பலர் இதைப் பழக்கத்தாலேயே தீர்மானித்துவிடுகிறார்கள். சிலருக்கு எப்போதும் மூன்று, சிலருக்கு எப்போதும் ஒன்று. அதைவிட, வீட்டாரிடமிருந்து இன்னும் பதில் வராத கேள்வி எது என்று முதலில் தேடலாம். ஒரு கான்செப்டின் மரம், துணி, நிற சாம்பிள்களையும் படங்களையும் ஒட்டிக் காட்டும் அட்டைதான் மூட் போர்டு. அந்தக் கேள்வி தெரிந்தால் எத்தனை போர்டு வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு பார்ப்போம். சென்னை வேளச்சேரிப் பக்கம் 1,050 சதுர அடியில் இரண்டு படுக்கையறை ஃபிளாட். ஹாலும் டைனிங்கும் சேர்ந்து 19 அடிக்கு 11 அடி, உயரம் ஒன்பதரை அடி, பால்கனி மேற்குப் பார்த்தது. கணவன், மனைவி, எட்டு வயதுப் பிள்ளை, பாட்டி. டிவி யூனிட், கிராக்கரி யூனிட், பூஜை அலமாரி, ஷூ ரேக், சோபா, திரைச்சீலை, பெயின்ட், ஃபால்ஸ் சீலிங், விளக்கு எல்லாம் சேர்த்து 6 லட்சம். பில்டர் போட்டுக் கொடுத்த ஐவரி நிற விட்ரிஃபைட் டைல்ஸ் அப்படியே இருக்கும்.

முதலில் லேஅவுட், பிறகுதான் போர்டு

எத்தனை கான்செப்ட் காட்டினாலும் லேஅவுட் ஒன்றுதான் இருக்க வேண்டும். 11 அடி அகல ஹாலில் சோபாவும் டிவியும் எதிரெதிரே உட்கார நல்ல இடம் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். பால்கனிக் கதவுக்கு நேர் எதிரே டிவியை வைத்தால் மாலை நான்கு மணிக்குத் திரையில் வெயில்தான் தெரியும். இதையெல்லாம் முன்பே பேசி, 1:25 அளவில் ஒரு ஏ3 தாளில் வரைந்து, வீட்டாரின் ஒப்புதலை வாங்கிவிட வேண்டும்.

இதைச் செய்யாமல் ஒரு போர்டில் சோபா வடக்குச் சுவரிலும் இன்னொன்றில் தெற்குச் சுவரிலும் இருந்தால், "எனக்கு முதல் போர்டு பிடிச்சிருக்கு" என்று சொல்லும்போது என்ன பிடித்தது என்றே தெரியாது. நிறமா, மரமா, சோபா இருக்கும் இடமா? தவறாகப் புரிந்துகொண்டு அடுத்த கட்டத்துக்குப் போனால், டிசைனர் ஒரு வாரம் வீணாக வரைந்துகொண்டிருப்பார்.

ஒரே ஒரு கான்செப்ட்

அமெரிக்க கிராஃபிக் டிசைனர் பால் ராண்ட் 1986-இல் ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் நிறுவனத்துக்கு லோகோ செய்தபோது ஒரே ஒரு வடிவத்தைத்தான் கொடுத்தார். ஒன்று மட்டும் காட்டுகிறவர்கள் அடிக்கடி எடுத்து வைக்கும் உதாரணம் அது. லோகோவுக்கு அது சரிப்படலாம். ஆனால் வீட்டார் தினமும் காலையில் எழுந்து அந்த ஹாலில்தான் காப்பி குடிக்கப் போகிறார்கள்.

ஒன்று போதும் என்ற நிலை வீட்டு வேலையிலும் உண்டு. நாம் ஏற்கெனவே ஒரு வீடு செய்து கொடுத்த வாடிக்கையாளர், தனியாகவே முடிவெடுப்பவர், ஹால் வண்ணத்தையும் மரத்தையும் பேச்சிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டவர் ஆகியோருக்கு இரண்டாவது போர்டு செய்வது வீண் செலவு. சாம்பிள்களைத் தேடி வாங்கிச் சரியாக அடுக்கினால் ஒரு போர்டுக்கு இரண்டு நாளாவது பிடிக்கும்.

மற்ற வீடுகளில் ஒன்றை மட்டும் காட்டினால் சிக்கல் வேறு விதமாக வரும். ஒன்றே இருந்தால் "வேண்டும்", "வேண்டாம்" என்ற இரண்டு பதில்தான் சாத்தியம். நம் வீடுகளில் முகத்துக்கு நேரே "வேண்டாம்" என்று யாரும் சொல்வதில்லை. "நல்லா இருக்குங்க, வீட்ல பேசிட்டுச் சொல்றோம்" என்பார்கள். உண்மையான மறுப்பு மூன்று வாரம் கழித்து, பிளைவுட் வெட்டிய பிறகு வரும். ஒப்பிட இன்னொன்று பக்கத்தில் இருந்தால் அதே ஆட்கள் தயங்காமல் குறை சொல்வார்கள். இதைவிட அது மேல் என்று சொல்வது யாரையும் புண்படுத்தாதே.

மூன்று காட்டினால்

மூன்று என்பது தாராளமாகத் தோன்றும். ஆனால் மூன்றையும் விலைப்படி வைத்து, 4 லட்சம், 6 லட்சம், 9 லட்சம் என்று வரிசைப்படுத்தினால் நடுவில் உள்ளதுதான் பெரும்பாலும் தேர்வாகும். சந்தைப்படுத்தல் ஆய்வாளர் இட்டமார் சைமன்சன் 1989-இல் நுகர்வோர் தேர்வுகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் இந்தப் போக்கை விளக்கியிருக்கிறார். இரண்டு ஓரங்களுக்கு நடுவே உள்ளது, தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் சொல்ல எளிதானதாகத் தோன்றுகிறது. விற்பவருக்கு இது வசதி. டிசைனருக்கோ வீட்டாரின் ரசனையைப் பற்றி இதிலிருந்து ஒன்றும் கிடைப்பதில்லை. அவர்கள் தேர்ந்தெடுத்தது விலையை மட்டும்தான்.

இன்னொரு பழக்கம், இரண்டை உழைத்துச் செய்துவிட்டு எண்ணிக்கைக்காக மூன்றாவதை ஒப்பேற்றுவது. ஒப்பேற்றியதைத்தான் அவர்கள் தேர்ந்தெடுப்பார்கள் என்பது இத்தொழிலில் பழைய புலம்பல். அதில் ஆச்சரியமும் இல்லை. அவசரத்தில் செய்த போர்டில் சாம்பிள்கள் குறைவாகவும், இணையத்தில் எடுத்த அழகான படங்கள் அதிகமாகவும் இருக்கும். பார்க்க அதுதான் பளிச்சென்று இருக்கும். தேர்வான பிறகு அதில் உள்ள பாதிப் பொருள் கிடைக்காது, மீதிப் பாதி பட்ஜெட்டில் அடங்காது. தானே கட்டிக் கொடுக்கத் தயாராக இல்லாத எதையும் டிசைனர் மேசையில் வைக்கக் கூடாது.

மூன்றாவது போர்டுக்கு நியாயமான இடமும் உண்டு. நம் ஃபிளாட்டில் பாட்டியிடம் ஒரு பழைய தேக்கு அலமாரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஹாலுக்கு வருமா, படுக்கையறைக்குள் போகுமா என்று யாரும் முடிவு சொல்லவில்லை. வந்தால் கிராக்கரி யூனிட்டே வேண்டாம், பாலிஷ் போட்டு அதையே வைத்துவிடலாம். மற்ற மரமெல்லாம் அதன் நிறத்தை ஒட்டிப் போக வேண்டியிருக்கும். இது நிஜமான மூன்றாவது வழி. ஆனால் இதற்காக இரண்டு நாள் உட்கார்ந்து போர்டு செய்வதற்கு முன் பாட்டிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாம். மூன்றாவது போர்டுகளில் பல, கேட்காமல் விட்ட ஒரு கேள்வியால் பிறந்தவைதான்.

இரண்டு: எதில் வேறுபட வேண்டும்

இப்படிப்பட்ட ஒரு குடும்ப வீட்டுக்கு இரண்டுதான் சரியான எண். அதற்கு ஒரு நிபந்தனை. இரண்டும் ஒரே ஒரு கேள்வியில் வேறுபட வேண்டும், அந்தக் கேள்விக்கு வீட்டார் தங்கள் அன்றாட வாழ்க்கையை வைத்தே பதில் சொல்ல முடிய வேண்டும். "மாடர்ன்", "டிரெடிஷனல்" என்று பெயர் வைத்தால் பேச்சு பெயரைச் சுற்றியே ஓடும். ஒருவருக்கு மாடர்ன் என்றால் வெள்ளைச் சுவர், இன்னொருவருக்குப் பளபளக்கும் அக்ரிலிக்.

நம் ஃபிளாட்டில் பதில் வராத கேள்வி இதுதான்: மரம் வயதாவதையும் பராமரிப்பையும் ஏற்றுக்கொள்கிறார்களா, அல்லது ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும் பரப்பு வேண்டுமா?

தேக்கு போர்டில் டிவி யூனிட், கிராக்கரி யூனிட், பூஜை அலமாரி, ஷூ ரேக் எல்லாம் தேக்கு வெனீர், அதாவது தேக்கிலிருந்து சீவிய மெல்லிய தகடு. மேலே மேட் பி.யூ. பாலிஷ். டிவிக்குக் கீழே உள்ள கதவுகளில் பிரம்புப் பின்னல். செட்டாப் பாக்ஸை உள்ளே வைத்து மூடிவிட்டாலும் பின்னலின் ஓட்டைகள் வழியே ரிமோட் வேலை செய்யும், சூடும் வெளியேறும். ஆனால் பின்னலில் தூசி படியும், துணியால் துடைத்தால் போகாது, பிரஷ் வேண்டும். சென்னையின் ஈரக்காற்றில் கொஞ்சம் தொய்வும் வரும். பூஜை அலமாரியில் விளக்குக்கு மேலே உள்ள வெனீர் புகையில் கறுக்கும் என்பதால் அங்கே மட்டும் உட்கூரைக்குக் கல்லோ கண்ணாடியோ வைக்க வேண்டும். இதை வீட்டார் கேட்கும் முன் நாமே சொல்லிவிட வேண்டும்.

ஓக் போர்டில் எல்லாக் கதவும் வெளிர் ஓக் நிற 1 மி.மீ. லேமினேட். கறை துடைத்தால் போகும், பிள்ளை பென்சிலால் கிறுக்கினாலும் பயமில்லை. ஆனால் விளிம்புப் பட்டையில் வண்ணம் துல்லியமாகப் பொருந்தாவிட்டால் கதவு ஓரம் கோடு போட்டதுபோல் தெரியும். லேமினேட்டில் ஆழமாகக் கீறல் விழுந்தால் வெனீரைப் போலத் தேய்த்து மறுபடி பாலிஷ் போடவும் முடியாது.

விலையை இரண்டுக்கும் ஒன்றாக்குவது அவசியம். கணக்கைப் பாருங்கள். டிவி யூனிட் முகப்பு 8 அடிக்கு 7 அடி, கிராக்கரி 5-க்கு 7, பூஜை அலமாரி 3-க்கு 7, ஷூ ரேக் 4-க்கு மூன்றரை. மொத்தம் 126 சதுர அடி. கார்பென்டர் கொடுத்த விலையில் வெனீருக்கும் லேமினேட்டுக்கும் சதுர அடிக்கு 700 ரூபாய் வித்தியாசம் என்றால் 88,200 ரூபாய் கூடுகிறது. தேக்கு போர்டு அதே 6 லட்சத்துக்குள் நிற்க வேண்டுமானால் எதையாவது விட வேண்டும். இங்கே ஃபால்ஸ் சீலிங்கை விடலாம். ஓரங்களில் மட்டும் போட்டாலும் நான்கிலிருந்து ஆறு அங்குல உயரத்தை அது தின்றுவிடும், ஒன்பதரை அடி ஹாலில் அது பெரிய இழப்பும் அல்ல, பெரிய லாபமும் அல்ல. ஆக, மரமும் திறந்த சீலிங்கும் ஒரு பக்கம், லேமினேட்டும் ஓர விளக்குகளும் மறுபக்கம். இரண்டும் ஒரே பணம். இப்போது வீட்டார் சொல்லும் பதில் அவர்கள் எப்படி வாழ விரும்புகிறார்கள் என்பதைப் பற்றியதாக இருக்கும்.

போர்டில் எது எவ்வளவு பெரிதாக

மூட் போர்டில் அதிகம் கெடுவது விகிதம். குஷன் உறை அறையின் பரப்பில் மிகச் சிறிய பங்கு. அதன் துணி போர்டில் கால்வாசி இடத்தைப் பிடித்திருந்தால், மாமியாருக்கு அந்த மஞ்சள் பிடிக்காமல் மொத்தக் கான்செப்டும் போய்விடும்.

எனவே அறையின் பரப்புகளை ஒருமுறை கூட்டிப் பார்க்க வேண்டும். நம் ஹாலில் தரை 209 சதுர அடி, சீலிங்கும் அதே. சுற்றளவு 60 அடியை ஒன்பதரையால் பெருக்கி, கதவு, திரைச்சீலை, யூனிட்கள் மறைக்கும் இடத்தைக் கழித்தால் கண்ணுக்குத் தெரியும் சுவர் சுமார் 300. மர முகப்பு 126, திரைச்சீலை 70. மொத்தம் ஏறக்குறைய 914. மரம் ஏழில் ஒரு பங்கு, சுவர் மூன்றில் ஒரு பங்கு. ஒரு ஏ2 போர்டின் பரப்பு சுமார் 2,500 சதுர செ.மீ. அதில் மரத்துக்கு 18-க்கு 20 செ.மீ. துண்டு, திரைச்சீலைத் துணிக்கு 14-க்கு 14. சுவர் நிறத்துக்கு ஷேடு கார்டின் விரல் அகலத் துண்டை ஒட்டுவதைவிட, போர்டின் பின்னணியையே அந்தப் பெயின்டால் இரண்டு கோட் அடித்துவிடுவது நல்லது. ஷேடு கார்டில் மென்மையாகத் தெரியும் நிறம் முழுச் சுவரில் அடித்தால் அழுத்தமாகத் தெரியும். சின்னத் துண்டு இதை மறைத்துவிடும், பெரிய பரப்பு ஓரளவு காட்டிக்கொடுக்கும்.

தரை டைலைப் போர்டில் ஒட்ட வேண்டியதில்லை. வீட்டில் அதே தரைதான் இருக்கிறது. போர்டைக் கையில் பிடிக்காமல், மர சாம்பிளைச் சுவரோரம் நிறுத்தி, அடியில் உண்மைத் தரை தெரியும்படி காட்டலாம். நிற்கும் பரப்பை நிறுத்தியும் கிடக்கும் பரப்பைக் கிடத்தியும் பார்ப்பதுதான் சரி. ஒளி விழும் கோணம் மாறினால் ஒரே லேமினேட் இரண்டு நிறமாகத் தெரியும். சாம்பிள்களை வெல்க்ரோவில் ஒட்டினால் பிரித்து எடுத்துத் தொட்டுப் பார்க்கலாம். இரட்டைப் பக்க டேப்பை நம்பினால், வெயிலில் நிறுத்திய காருக்குள் பசை இளகி எல்லாம் உதிர்ந்து கிடக்கும்.

படங்கள் ஒரு போர்டுக்கு இரண்டு போதும். அவற்றிலும் கவனம் தேவை. இணையத்தில் கிடைக்கும் ஹால் படங்கள் பலவற்றில் உயரமான சீலிங், வட ஐரோப்பாவின் மெல்லிய வெளிச்சம். சீலிங் ஃபேன் இருக்காது, ஜன்னலில் கிரில் இருக்காது, சுவரில் சுவிட்ச் போர்டு இருக்காது. வீட்டார் அந்தப் படத்துக்குத் தலையாட்டினால், தலையாட்டியது ஃபேன் இல்லாத ஹாலுக்கு. படத்தில் எதை மட்டும் பார்க்க வேண்டும் என்று ஒரு வரி எழுதி ஒட்டிவிடலாம்: "கதவின் பிரம்புப் பின்னல் மட்டும்."

திரையா, கையில் தொடும் போர்டா, 3டி படமா

பி.டி.எஃப். அனுப்புவது எளிது, வெளிநாட்டில் இருக்கும் மகனும் பார்க்கலாம். ஆனால் நிறத்தைப் பற்றிய முடிவைத் திரையில் எடுக்கக் கூடாது. ஒருவர் போனில் இரவுப் பயன்முறை ஓடும், எல்லாம் மஞ்சளாகத் தெரியும். இன்னொருவர் போனில் வெளிச்சம் பாதியில் இருக்கும். ஒரே படத்தைப் பார்த்து "ரொம்ப டார்க்கா இருக்கு" என்று ஒருவரும் "வெளிறிப்போயிருக்கு" என்று இன்னொருவரும் சொல்வார்கள், இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

3டி படத்தை இந்தக் கட்டத்தில் காட்டுவது அதைவிடச் சிக்கல். அது முடிந்த வீடுபோல் இருப்பதால், பேச்சு மரத்தைப் பற்றிப் போகாமல் மேசை மேல் உள்ள பூஞ்சாடிக்குப் போய்விடும். வேலை முடிந்த பிறகு "அந்தப் படத்தில் இருந்த விளக்கு எங்கே?" என்ற கேள்வியும் வரும். ஒரு போர்டு தேர்வான பின் அதற்கு மட்டும் 3டி செய்தால் பாதி வேலை மிச்சம்.

சந்திப்பு

இடம் அந்த ஃபிளாட்டாகவே இருக்கட்டும். பகல் வெளிச்சத்தில் ஒருமுறை, விளக்கைப் போட்டு ஒருமுறை சாம்பிள்களைப் பார்க்க வேண்டும். வீட்டில் ஏற்கெனவே 6500 கெல்வின் வெள்ளை டியூப் லைட் இருந்தால், கடையின் மஞ்சள் ஒளியில் கதகதப்பாக இருந்த ஐவரி இங்கே சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடும். ஒரு வெளிச்சத்தில் அச்சாகப் பொருந்திய துணியும் லேமினேட்டும் இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்து நிற்பதும் உண்டு. 3000 கெல்வின் மஞ்சள் ஒளி பல்பு ஒன்றைப் பையில் கொண்டுபோய் மாட்டிக் காட்டினால், வரப்போகும் விளக்கில் எப்படி இருக்கும் என்ற கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும். இது மேற்குப் பார்த்த வீடு என்பதால் சந்திப்பை மூன்றரை மணிக்கு வைத்துக்கொண்டால், சாய்ந்த வெயிலில் ஓக் எவ்வளவு மஞ்சளாகிறது என்பதும் தெரிந்துவிடும்.

முடிவெடுக்கும் எல்லோரும் இருக்க வேண்டும். பாட்டி உள்ளே ஓய்வெடுக்கிறார் என்றால் அவர் எழும்வரை காத்திருப்பது நல்லது. வாஸ்துப்படி வேண்டாத நிறம் ஏதாவது உண்டா என்று முன்பே கேட்டிருக்க வேண்டும். அதை இந்த நாளில் தெரிந்துகொள்வது டிசைனரின் பிழை.

முதல் பத்து நிமிடம், அவர்கள் சொன்னதையே அவர்களுக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு ஒரு போர்டை முழுதாகப் பேசி முடித்து அதைத் திருப்பி வைத்துவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். கடைசியில்தான் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். விலையை அதற்குப் பிறகு, ஆனால் எழுந்து போகும் முன் சொல்ல வேண்டும். முதலிலேயே சொன்னால் போர்டை யாரும் பார்க்க மாட்டார்கள்.

"பிடிச்சிருக்கா?" என்று கேட்டால் "பிடிச்சிருக்கு" என்றுதான் பதில் வரும். "இந்த சோபாவில் தலைக்கு எண்ணெய் வெச்சுட்டு யார் சாஞ்சு உட்காருவாங்க?" என்று கேட்டால் உண்மையான பேச்சு தொடங்கும். வெளிர் துணி வேண்டாம் என்று ஆகலாம், அல்லது தலை படும் இடத்துக்குத் தனி உறை போட்டுக் கழற்றித் துவைக்கலாம் என்று ஆகலாம்.

அவியல் கேட்டால்

"இதிலேர்ந்து மரம், அதிலேர்ந்து சீலிங்." இது கண்டிப்பாக வரும். மறுப்பதும் தவறு, அப்படியே ஒப்புக்கொள்வதும் தவறு. எதை எடுத்து எதில் வைக்கலாம் என்பதை டிசைனர் முன்பே பிரித்து வைத்திருக்க வேண்டும். திரைச்சீலை, குஷன், சுவர் நிறம் மாற்றக்கூடியவை. மரம், அதன் பாலிஷ், விளக்கின் நிறம் ஆகிய மூன்றும் ஒரு கட்டாகவே போகும். ஓக்கும் தேக்கும் ஒரே சுவரில் அடுத்தடுத்து வந்தால், வேண்டுமென்றே செய்ததுபோல் தெரியாது, சரக்கு தீர்ந்துபோனதால் செய்ததுபோல் தெரியும்.

தேக்குடன் சீலிங்கும் வேண்டும் என்றால் அது ரசனைச் சிக்கல் அல்ல, பணக் கணக்கு. 88,200 ரூபாய் எங்கிருந்து வரும் என்று அங்கேயே தாளில் எழுதிக் காட்டலாம். கிராக்கரி யூனிட்டையும் ஷூ ரேக்கையும் அதே நிறத்தில் லேமினேட்டாக மாற்றினால் 49 சதுர அடிக்கு 34,300 ரூபாய் மிஞ்சும். ஆனால் தேக்கு நிற லேமினேட்டை உண்மைத் தேக்குக்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டில் எது போலி என்று குழந்தையும் சொல்லும், ஆகவே அவை டிவி யூனிட்டிலிருந்து விலகி நின்றால்தான் இது எடுபடும். மீதி 53,900-க்கு பட்ஜெட்டைக் கூட்டுவதா, சீலிங்கை டைனிங் பக்கம் மட்டும் போடுவதா என்பது வீட்டார் பேசி முடிவு செய்ய வேண்டியது. அன்றே முடிவாக வேண்டியதில்லை, ஒரு வாரத்துக்கு மேல் இழுக்கவும் கூடாது. எத்தனை முறை மாற்றலாம் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இரண்டு சுற்று நியாயமானது.

முடிவானதும் தேர்ந்த போர்டைப் புகைப்படம் எடுத்து, தேதி போட்டு, பின்பக்கம் வீட்டாரின் கையெழுத்தை வாங்க வேண்டும். காட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு லேமினேட்டும் துணியும் கடையில் சரக்கு இருக்கிறதா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டலாக் மாறும்போது நிறங்கள் நின்றுபோகும், பழைய ஃபோல்டரில் மட்டும் அந்தத் துண்டு மிஞ்சியிருக்கும். கையெழுத்தான சாம்பிளைப் பிறகு இரண்டாக வெட்டி, இரண்டின் பின்னும் கேட்டலாக் எண்ணை எழுத வேண்டும். ஒரு பாதி வீட்டாரிடம், மறு பாதி கார்பென்டரிடம். வேறு நிற ஷீட் வந்து இறங்கினால், வண்டிக்காரர் கிளம்பும் முன்பே கார்பென்டர் திருப்பி அனுப்பிவிடலாம்.